ரோட்டரி இளைஞர் பரிமாற்றம்: முன்பின் தெரியாத குடும்பத்துக்கு எழுதும் விண்ணப்பக் கடிதம்

ரோட்டரி இளைஞர் பரிமாற்றத் திட்டத்தில் 15 முதல் 19 வயது வரை உள்ளவர்கள் ஒரு கல்வியாண்டு வெளிநாட்டில் தங்கிப் பள்ளிக்குப் போகலாம். விண்ணப்பம் உள்ளூர் ரோட்டரி கிளப் வழியாகத்தான் போக வேண்டும். பெற்றோர் ரோட்டரி உறுப்பினராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. விண்ணப்பப் படிவம் நீளமானது. அதில் மதிப்பெண் விவரம், மருத்துவர் சான்று, பல் மருத்துவர் சான்று, பெற்றோர் ஒப்புதல் எல்லாம் இருக்கும். இவற்றில் பெரும்பாலானவை மற்றவர்கள் உங்களைப் பற்றிச் சொல்பவை. உங்கள் சொந்தக் குரல் கேட்கும் இடம் ஒன்றுதான். அது 'உங்களை அறிமுகப்படுத்திக்கொண்டு ஒரு கடிதம் எழுதுங்கள்' என்று கேட்கும் பக்கம். அங்கே என்ன கொடுப்பீர்கள், என்ன கொண்டு வருவீர்கள் என்பதை எப்படி எழுதுவது என்பதை மட்டும் இங்கே பார்க்கலாம்.

எழுதும் முன்: யார் படிக்கப் போகிறார்கள்?

கடிதம் போகும் வழியை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் ஊர் கிளப் படிக்கும். அதன்பின் பல கிளப்புகள் சேர்ந்த உங்கள் ரோட்டரி டிஸ்ட்ரிக்டின் பரிமாற்றக் குழு படித்து நேர்காணலுக்கு அழைக்கும். தேர்வானால் வெளிநாட்டு டிஸ்ட்ரிக்டுக்குப் போகும், அங்கிருந்து உங்களை ஏற்கும் கிளப்புக்குப் போகும். கடைசியில் ஹோஸ்ட் குடும்பத்தின் கைக்கு வரும். ஓராண்டில் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களில் மாறி மாறித் தங்குவீர்கள். ஒவ்வொரு வீட்டிலும் இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் உங்களுக்குப் படுக்கை போடுவார்கள்.

இதில் மாணவர்கள் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. விமானக் கட்டணம், காப்பீடு, விசா செலவு எல்லாம் உங்கள் பெற்றோருடையது. ஆனால் அங்கே உங்களுக்குச் சோறு போட்டு, அறை கொடுத்து வைத்துக்கொள்ளும் குடும்பம் அதற்குச் சம்பளம் வாங்குவதில்லை. அவர்கள் தன்னார்வலர்கள். 'நீ என்ன கொடுப்பாய்?' என்ற கேள்வியின் எடை அங்கேதான் இருக்கிறது. காசு வாங்காமல் மூன்று நான்கு மாதம் ஒரு வளர்ந்த பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ளப் போகும் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நீங்கள் சொல்லும் பதில் அது. தேர்வுக் குழுவுக்கு எழுதுவதாக நினைத்தால் மேடைப் பேச்சு வரும். அந்த அம்மாவுக்கு எழுதுவதாக நினைத்தால் கடிதம் வரும். குழுவில் இருப்பவர்களும் அவர் கண்ணால்தான் படிக்கிறார்கள். 'இந்தப் பிள்ளையை அங்கே அனுப்பினால் அந்தக் குடும்பம் நமக்கு நன்றி சொல்லுமா?' என்பதே அவர்கள் கவலை.

முதல் வரைவு ஏன் தோற்கிறது?

கோவில்பட்டியில் பிளஸ் டூ தொடங்கியிருக்கும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். நான் படித்துத் திருத்த உதவிய பல கடிதங்களில் கண்டதை ஒரே பிள்ளை மேல் ஏற்றிச் சொல்கிறேன். அவள் முதலில் எழுதுவது பெரும்பாலும் இப்படி இருக்கும்:

"ஐயாயிரம் ஆண்டு பழமையான இந்தியப் பண்பாட்டின் தூதராக நான் விளங்குவேன். எங்கள் உணவு, நடனம், திருவிழாக்களை உலகுக்கு எடுத்துச் சொல்வேன். திரும்பி வந்ததும் நான் கற்ற தலைமைப் பண்புகளால் என் சமுதாயத்தை மாற்றுவேன்."

ஒரு எழுத்துகூட மாற்றாமல் இதை ஜெய்ப்பூரிலிருந்தோ குவஹாத்தியிலிருந்தோ யாரும் அனுப்பலாம். படித்து முடித்தபின் ஹோஸ்ட் அம்மாவுக்கு இவள் காலையில் எத்தனை மணிக்கு எழுவாள் என்றுகூடத் தெரியாது. பொய் எதுவும் இல்லை, ஆனால் ஆள் இல்லை.

எனவே எழுதுவதை நிறுத்திவிட்டு ஒரு வாரம் பட்டியல் மட்டும் போடச் சொல்வேன். பள்ளி விட்டு வந்ததிலிருந்து தூங்கும் வரை கையால் என்னென்ன செய்கிறாய், யாரோடு பேசுகிறாய், எதற்கு எரிச்சல் வருகிறது என்று தமிழிலேயே எழுத வேண்டும். கடிதம் கடைசியில் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் போகும். ஆனால் ஆங்கிலத்தில் தொடங்கினால் எங்கோ படித்த வாக்கியங்கள் முதலில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அவள் பட்டியலில் வந்தது இது. அப்பாவுக்குச் சிறிய கடலைமிட்டாய்ப் பட்டறை. மாலையில் அவள் பாக்கெட் போடுவாள், கடைக்காரர்களின் பாக்கி நோட்டை எழுதுவாள். பாட்டிக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. ரோட்டரி பள்ளி மாணவர்களுக்காக நடத்தும் இன்டராக்ட் கிளப்பில் செயலாளர். நாய் என்றால் பயம். இது எதுவும் கடிதத்துக்கு ஆகாது என்று அவள் நினைத்திருந்தாள். கடிதமே இதுதான்.

'என்ன கொடுப்பேன்' என்ற பகுதி

பட்டியலில் இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்து, இதை வேறொரு நாட்டில், வேறொருவர் வீட்டில் செய்ய முடியுமா என்று கேளுங்கள். யாருக்காகச் செய்வேன், எங்கே செய்வேன், என்ன பொருள் வேண்டும், எவ்வளவு நேரம் ஆகும் என்ற நான்குக்கும் பதில் இருந்தால் அது கடிதத்துக்குள் வரலாம். 'இந்திய உணவை அறிமுகப்படுத்துவேன்' என்பது நான்கில் ஒன்றுக்குக்கூடப் பதில் சொல்லவில்லை.

கோவில்பட்டி மாணவிக்கு உடனே தோன்றியது கடலைமிட்டாய். நியாயம்தான். 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம், அவள் குடும்பத் தொழிலும்கூட. 'பள்ளியில் எல்லாருக்கும் கடலைமிட்டாய் செய்து கொடுப்பேன்' என்று எழுதினாள். அங்கேதான் நிறுத்த வேண்டியிருந்தது. வெளிநாடுகளில் பல பள்ளிகள் நிலக்கடலையை வளாகத்துக்குள்ளேயே விடுவதில்லை. நிலக்கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளைக்குச் சிறு துண்டு உள்ளே போனாலும் மூச்சடைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். இது தெரியாமல் எழுதினால் படிப்பவருக்குப் பகீரென்று இருக்கும். தெரிந்துகொண்டு எழுதினால் அதுவே கடிதத்தின் மிக நல்ல வரியாகிவிடும். அவள் திருத்தி எழுதியது:

"எங்கள் வீட்டில் கடலைமிட்டாய் செய்கிறோம். வெல்லப் பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, அது உறைந்ததும் தட்டில் போட்டால் 'டக்' என்று சத்தம் வர வேண்டும். அதுதான் பதம். அதைக் கேட்டுச் சொல்ல எனக்குத் தெரியும். உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ நிலக்கடலை ஆகாதவர்கள் இருக்கலாம் என்பதால் முதலில் கேட்டுக்கொள்வேன். ஆகாது என்றால் அதே பாகில் அரிசிப்பொரியைப் போட்டு உருண்டை பிடிப்பேன். ஒரு சனிக்கிழமை மாலை, உங்கள் சமையலறையில், ஒரு மணி நேரம் போதும். பாத்திரங்களை நானே கழுவிவிடுவேன்."

இதில் பண்பாடு, தூதர் என்ற சொற்கள் இல்லை. ஆனால் பொறுப்பு இருக்கிறது, தொழில் தெரிந்த கை இருக்கிறது, மற்றவர் உடம்பைப் பற்றிய அக்கறை இருக்கிறது. கடைசி வாக்கியத்தைப் படிக்கும் எந்த வீட்டு அம்மாவும் சற்று நிம்மதியாவார்.

ஒரு கடிதத்துக்கு இப்படி இரண்டு போதும். ஒன்று வீட்டுக்கு, இன்னொன்று பள்ளிக்கோ கிளப்புக்கோ. ஏற்கும் கிளப்பில் உங்கள் ஊரைப் பற்றிப் பேசச் சொல்வது வழக்கம் என்பதால் இரண்டாவதற்கு இடம் ஏற்கெனவே இருக்கிறது. அவள் இப்படி எழுதினாள்: "பாக்கி நோட்டு எழுதிப் பழகியதால் பெயரையும் கணக்கையும் மறக்க மாட்டேன். கிளப்பின் எந்த நிகழ்ச்சியிலும் வாசலில் உட்கார்ந்து பெயர் எழுதி, பணம் வாங்கி, கணக்கை ஒப்படைக்கும் வேலையைத் தாருங்கள்." நடனம் ஆடுகிறேன் என்பதைவிட இது கிளப்காரர்களுக்குப் பிடிக்கும். சனிக்கிழமை நிகழ்ச்சிக்கு ஆள் கிடைக்காமல் திண்டாடுபவர்கள் அவர்கள். உண்மையிலேயே நன்றாக ஆடத் தெரிந்தவர்கள் அதை எழுதலாம், தவறில்லை. அப்போதும் எத்தனை நிமிடம், என்ன உடை, பாட்டு எதில் போடுவது என்று எழுதுங்கள்.

பரிசுப் பொருட்களை இந்தப் பகுதியில் எழுதாதீர்கள். பட்டுச் சேலையும் குத்துவிளக்கும் கொண்டு வருவதாக எழுதும் கடிதங்கள் உண்டு. பெட்டியில் என்ன இருக்கும் என்று அவர்கள் கேட்கவில்லை.

சொல்லக் கூச்சப்படும் விஷயங்கள்

சாப்பாடு, பயம், பழக்கம் மூன்றையும் மறைக்கும் ஆசை எல்லாருக்கும் வரும். 'எல்லாவற்றுக்கும் ஒத்துப்போவேன்' என்று எழுதினால் மதிப்பு கூடும் என்று வீட்டிலும் சொல்வார்கள். கூடாது. இந்தத் தகவல்களை வைத்துத்தான் எந்த வீட்டுக்கு உங்களை அனுப்பலாம் என்று முடிவு செய்கிறார்கள். மறைத்தால் முதல் வாரமே இரண்டு பக்கமும் சங்கடம்.

எழுதும் விதம்தான் முக்கியம். 'சைவம்' என்று மட்டும் எழுதினால் பத்தாது. முட்டை உண்டா, முட்டை போட்ட கேக் உண்டா, இறைச்சி வெந்த குழம்பிலிருந்து காயை மட்டும் எடுத்துச் சாப்பிட முடியுமா என்று அங்கே சமைப்பவருக்குத் தெரிய வேண்டும். அவள் எழுதியது: "மீன், கோழி, முட்டை சாப்பிடுவேன். மாடும் பன்றியும் சாப்பிட மாட்டேன். அதே மேசையில் மற்றவர்கள் சாப்பிடுவதில் எனக்குச் சங்கடம் இல்லை. வீட்டில் நாய் வளர்த்ததில்லை, தெரு நாயைக் கண்டு ஒதுங்கிப் போய்ப் பழகியவள். உங்கள் வீட்டில் நாய் இருந்தால் பழகச் சில நாள் ஆகும், பழகிக்கொள்வேன்." ஒவ்வொரு குறையோடும் அதை எப்படிச் சமாளிப்பாள் என்பதும் சேர்ந்தே வந்திருக்கிறது. மூச்சிழுப்பு, ஒவ்வாமை, தொடர்ந்து சாப்பிடும் மாத்திரை எதுவானாலும் மருத்துவர் சான்றில் இருப்பதும் கடிதத்தில் இருப்பதும் ஒன்றோடொன்று முரண்படக் கூடாது.

ரோட்டரி பரிமாற்றத்தில் வண்டி ஓட்டக் கூடாது, குடிக்கக் கூடாது, போதைப் பொருள் கூடாது, காதல் உறவு கூடாது என்று நான்கு விதிகளைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். 'நான் இவற்றை மீற மாட்டேன்' என்று கடிதத்தில் சத்தியம் செய்ய வேண்டாம். படிவத்தில் கையெழுத்துப் போடுகிறீர்கள், அது போதும்.

'என்ன கொண்டு வருவேன்' என்ற பகுதி

நல்ல கடிதங்களும் சறுக்குவது இங்கேதான். 'திரும்பி வந்து ஒரு தொண்டு நிறுவனம் தொடங்குவேன்', 'கிராமப் பெண்களுக்குக் கல்வி தருவேன்' என்று 17 வயதுப் பிள்ளை எழுதும்போது குழுவில் யாரும் நம்புவதில்லை. நேர்காணலில் 'எப்படிம்மா?' என்ற ஒரே கேள்வியில் அது உதிர்ந்துவிடும்.

வந்து இறங்கிய மூன்று மாதத்துக்குள், காசில்லாமல், இருக்கும் இடத்திலிருந்தே செய்யக்கூடியது எது என்று பாருங்கள். அந்த மூன்று மாதத்தில் உங்கள் வாழ்க்கை எப்படி இருக்கும் என்பதையும் மறக்காதீர்கள். வெளிநாட்டுப் பள்ளியில் படித்த ஆண்டு இங்கே வகுப்பாகக் கணக்கில் வரும் என்ற உறுதி இல்லை. ஆகவே பத்தாம் வகுப்பு முடித்துப் போகிறீர்களா, பிளஸ் டூ முடித்துப் போகிறீர்களா என்பதை முதலிலேயே வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். சில நாடுகள் பள்ளிப் படிப்பை முடித்தவர்களை ஏற்பதில்லை. மேல் வயதும் நாட்டுக்கு நாடு மாறும். கிளப்பில் கேட்டுத் தெரிந்துகொண்டு, எடுத்த முடிவைக் கடிதத்தில் ஒரே வரியில் சொல்லிவிடுங்கள். "பிளஸ் டூ தேர்வு முடித்து வருகிறேன், திரும்பியதும் கல்லூரியில் சேர்வேன், இந்த ஓராண்டு இடைவெளிக்கு என் பெற்றோர் சம்மதித்திருக்கிறார்கள்" என்றால் ஒரு பெரிய சந்தேகம் தீர்ந்தது. பாதியில் திரும்பும் பிள்ளைகளால் வரும் தலைவலி குழுவுக்குத் தெரியும். படிப்புக் கவலை அதற்கு ஒரு காரணம்.

கோவில்பட்டி மாணவியிடம், 'நீ போய் வந்தால் உன் பள்ளியில் யாருக்கு என்ன மாறும்?' என்று கேட்டேன். யோசித்துவிட்டு அவள் சொன்னது: "எங்க இன்டராக்ட் கிளப்புல ரெண்டு மூணு பேருக்கு ஆசை இருக்கு சார். வீட்ல விட மாட்டாங்க. பொம்பளப் பிள்ளைய யார் வீட்லயோ எப்படி விடுறதுன்னு கேக்காங்க."

கடிதத்தின் இரண்டாம் பாதி அங்கே கிடைத்துவிட்டது. அவள் எழுதியது:

"எங்கள் பள்ளியிலிருந்து இதுவரை யாரும் இந்தப் பரிமாற்றத்துக்குப் போனதில்லை. ஆசைப்படும் மாணவிகளின் பெற்றோருக்கு அச்சம் இருக்கிறது. அந்த அச்சம் என் அம்மாவுக்கும் இருந்தது, இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. திரும்பி வந்ததும் நானும் அம்மாவும் அந்தப் பெற்றோர்களோடு ஒரு மாலை உட்கார்ந்து அவர்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்வோம். அறைக்கு உள்தாழ்ப்பாள் இருந்ததா, உடம்பு சரியில்லாதபோது யார் பார்த்துக்கொண்டார்கள், பிரச்சினை வந்தால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதையெல்லாம் போகும் நாளிலிருந்தே ஒரு நோட்டில் எழுதி வருவேன்."

இதற்கு நிதி வேண்டாம், அனுமதி வேண்டாம், தேவையான ஆட்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். அம்மாவின் அச்சத்தை மறைக்காமல் எழுதியது எனக்கு மிகவும் பிடித்தது. வெளிநாட்டில் இந்தக் கடிதத்தைப் படிக்கும் அம்மாவுக்கு அது சட்டென்று புரியும்.

இரண்டாவதாக அவள் எழுதியது வீட்டைப் பற்றியது. பரிமாற்றத்தில் இங்கிருந்து ஒருவர் போனால் அங்கிருந்தும் ஒருவர் வருவது வழக்கம். அப்படி வருபவர்களைத் தங்க வைக்கக் குடும்பங்கள் தேவை. "எங்கள் மாடியில் ஓர் அறை இருக்கிறது. நான் வெளிநாட்டில் அனுபவிக்கப் போகும் முதல் வாரத்தை மனதில் வைத்து, இங்கே வரும் பிள்ளைக்கு முதல் வாரத்தில் என்ன வேண்டும் என்று வீட்டில் எடுத்துச் சொல்வேன்" என்றாள். பெற்றோரிடம் கேட்காமல் இதை எழுதக் கூடாது. பெற்றோரும் தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டியிருக்கும். இரண்டு கடிதங்களும் அருகருகே வைத்துப் படிக்கப்படும். பிள்ளை 'தங்க வைப்போம்' என்று எழுதி, அப்பா கடிதத்தில் அதைப் பற்றிப் பேச்சே இல்லையென்றால் கேள்வி வரும்.

அப்பாவின் பட்டறையைப் பற்றியும் ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவளுக்கு ஆசை. வெளிநாட்டில் சிறிய குடும்பத் தொழில்களைப் பார்த்து வந்து பட்டறையை மேம்படுத்துவதாக எழுதியிருந்தாள். எதைப் பார்ப்பாய், எதை மாற்றுவாய் என்றால் பதில் இல்லை. எடுத்துவிட்டாள். பதில் இல்லாததை எடுத்துவிடுவதில் நட்டம் எதுவும் இல்லை.

நாடு தெரியாமலே எழுதுவது

விண்ணப்பிக்கும்போது விருப்ப நாடுகளை வரிசைப்படுத்தச் சொல்வார்கள். கேட்ட நாடே கிடைக்கும் என்பது நிச்சயமில்லை. எனவே முதல் கடிதத்தில் எந்த நாட்டையும் புகழாதீர்கள். பிரான்ஸைப் பற்றி உருகி எழுதிய கடிதம் பிரேசில் குடும்பத்தின் கையில் போய் நின்றால் எப்படி இருக்கும்? மொழியைப் பற்றி ஒரு வரி சொல்லலாம்: எந்த மொழியானாலும் கிளம்பும் முன்பே தொடங்கிவிடுவேன், தினமும் இந்த நேரத்தை அதற்கு ஒதுக்கியிருக்கிறேன் என்று.

நீளமும் நடையும்

படிவத்தில் அளவு சொல்லியிருந்தால் அதுதான் சட்டம். சொல்லாவிட்டால் தட்டச்சில் ஒன்றரைப் பக்கத்துக்குள் முடியுங்கள். தொடக்கத்தில் பெயர், ஊர், குடும்பம். பிறகு ஒரு சாதாரண நாள். அதற்குப் பின் கொடுப்பது, கூச்சமானவை, கொண்டு வருவது. மேற்கோள் எதுவும் வேண்டாம். பெரியவர்களின் பொன்மொழியோடு தொடங்கும் கடிதங்கள் குவிந்து கிடக்கின்றன.

ஆங்கிலத்துக்கு மாற்றும்போது ஆசிரியரிடமோ அண்ணன் அக்காவிடமோ எழுத்துப் பிழையை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். வாக்கியங்களை அழகுபடுத்த விடாதீர்கள். நீங்கள் பேசும் ஆங்கிலமும் கடிதத்தின் ஆங்கிலமும் இரண்டு ஆட்களாகத் தெரிந்தால் நேர்காணல் முதல் ஐந்து நிமிடத்திலேயே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். நேர்காணலில் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்பார்கள். 'பொரி உருண்டைக்குப் பாகின் பதம் எப்படித் தெரியும்?' என்று கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும். அவளுக்குத் தெரியும், ஏனென்றால் தினமும் கேட்கும் சத்தம் அது. உங்கள் கடிதத்தின் ஒவ்வொரு வரிக்கும் இப்படி ஒரு கேள்வியை நண்பரை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். தடுமாறும் வரியை அடித்துவிடுங்கள்.

படிவத்தோடு சில படங்களும் கேட்பார்கள். ஸ்டுடியோ படத்தைவிட, கடிதத்தில் சொன்ன இடத்திலேயே எடுத்த படம் மேல்: பட்டறை வாசலில் குடும்பம், பாக்கி நோட்டோடு நீங்கள், மாடி அறை. ஒவ்வொன்றின் கீழும் யார், எங்கே என்று ஒரு வரி எழுதுங்கள்.

அனுப்பும் முன் ஒரு நகலைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். நாடும் முதல் ஹோஸ்ட் குடும்பத்தின் பெயரும் தெரிய வரும் நாளில் அவர்களுக்கு ஒரு சின்னக் கடிதம் எழுதுவீர்கள். அப்போது முதல் கடிதத்தில் என்ன சொன்னீர்கள் என்பதைப் பார்த்துக்கொண்டு, வீட்டில் யாருக்காவது நிலக்கடலை ஆகாதா, நாய் இருக்கிறதா, அதன் பெயர் என்ன என்று நேரடியாகக் கேட்டுவிடலாம்.